தனியாகப் போகும்போது படம் எடுக்க யாரைக் கேட்பது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது

தனியாக ஊர் சுற்றுகிறவருக்குத் தன் படம் வேண்டுமென்றால் செல்ஃபி, ட்ரைபாட், இல்லையென்றால் பக்கத்தில் நடந்து போகிறவர், இந்த மூன்றுதான் வழி. முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்குச் சொல்ல வேண்டியது மூன்றாவதைப் பற்றித்தான், அதிலும் போனைக் கொடுத்த பிறகு என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைப் பற்றி.

செல்ஃபியின் குறை எல்லாருக்கும் தெரிந்ததே. கை எட்டும் தூரம் அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போய்விடும், மீதி இருக்கிற இடுக்கில்தான் நீங்கள் போன இடம் தெரியும். முகம் மட்டும் போதும் என்றால் சரி. ட்ரைபாட் நல்ல வழிதான், ஆனால் அது ஆளில்லாத இடத்துக்கான வழி. விடியற்காலை, மலைப்பாதை, காலியான கடற்கரை என்றால் டைமரைப் போட்டுவிட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடிப் போய் நிற்கலாம். கூட்டம் உள்ள இடத்தில் போனை ஆறு மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு முதுகைக் காட்டி நடப்பது எனக்கு ஒத்துவராது. போதாததற்குப் பல அருங்காட்சியகங்களிலும் பழைய கட்டடங்களிலும் ட்ரைபாட்டை உள்ளேயே விட மாட்டார்கள்.

ஆக, கூட்டம் உள்ள இடத்தில், முழு உருவமும் பின்னால் உள்ளதும் சேர்ந்து வர வேண்டுமென்றால், மனிதரைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்கவும் மாட்டார்கள். சிக்கல் படம் வந்த பிறகுதான். உங்கள் தலை சரியாக நடு மத்தியில், மேலே பாதிப் படம் வெறும் வானம், கீழே கணுக்காலோடு வெட்டு, பின்னால் இருந்த கோபுரத்துக்கு உச்சி இல்லை. யார் எடுத்தாலும் ஏறக்குறைய இதே படம்தான் வரும். எடுப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார், முகம் நடுவில் வந்ததும் வேலை முடிந்தது என்று அழுத்திவிடுகிறார். திரையின் நான்கு ஓரங்களையும் பார்க்கும் பழக்கம் படம் எடுத்துப் பழகியவருக்குத்தான் வரும், வழியில் போகிறவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் கேள்வி இதுதான்: அந்த ஓரங்களை அவருக்காக யார் பார்ப்பது, எப்படி?

நான்கு விதமாகச் செய்யலாம். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடுவது, வாயால் சொல்லிக் கொடுப்பது, முதலில் நாமே ஒரு மாதிரிப் படம் எடுத்துக் காட்டிவிட்டுக் கொடுப்பது, இல்லையென்றால் படமே வேண்டாம், வீடியோவை ஓடவிட்டுக் கொடுப்பது. என் ஓட்டு மாதிரிப் படத்துக்குத்தான், ஆனால் மற்ற மூன்றுக்கும் அதனதன் இடம் உண்டு.

ஒன்றும் சொல்லாமல் கொடுப்பதை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார், அல்லது ஒருவர் தன் கூட வந்தவரை நிற்க வைத்து நான்கு தப்படி பின்னால் போய்க் குனிந்து எடுத்துக்கொண்டிருக்கிறார், இப்படிப்பட்டவர் கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு போனைக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தால் கெடத்தான் செய்யும். மற்றவர்களிடம் இது சீட்டு எடுப்பது மாதிரி.

வாயால் சொல்வதில் என்ன நடக்கிறது என்றால், நாம் அளவுக்கு மீறிச் சொல்கிறோம். "அண்ணா, கொஞ்சம் பின்னாடி போங்க, கால் தெரியணும், அந்தக் கோபுரமும் முழுசா வரணும், ஆனா நான் நடுவுல வேண்டாம், இந்தப் பக்கம், போனைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க." இதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர் தன் வீட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு வந்தவர், மனசில் ஒன்றோ இரண்டோதான் நிற்கும், அதுவும் கடைசியாகச் சொன்னதாக இருக்கும். "இந்தப் பக்கம்" என்றால் அவருடைய பக்கமா உங்களுடைய பக்கமா என்ற குழப்பம் வேறு. மொழி தெரியாத ஊரில் இது முற்றிலும் படுத்துவிடும்.

அப்படியும் வாயால் மட்டுமே சொல்ல நேரம் இருக்கிறது என்றால், இரண்டே இரண்டு சொல்லுங்கள்: "என் கால் படத்தோட அடி ஓரத்துல இருக்கட்டும். நாலஞ்சு தடவை அழுத்திடுங்க." முகத்தைப் பற்றியோ நடுவைப் பற்றியோ பேச வேண்டாம். கால் அடி ஓரத்துக்கு இறங்கினால் தலை தானாக நடுவிலிருந்து இறங்கிவிடும், மேலே இடம் கிடைத்துவிடும், பின்னால் உயரமாக இருப்பது உள்ளே வந்துவிடும். இந்த ஒரு சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, ஏன் என்பதைக் கீழே ஒரு கணக்கில் பார்க்கலாம். "உச்சி தெரியணும்" என்று சொன்னால் சிலர் போனை வானத்தைப் பார்த்துத் தூக்கி, உங்களை மார்போடு வெட்டிவிடுவார்கள், அதனால் காலைச் சொல்வதுதான் பத்திரம்.

இப்போது மாதிரிப் படம். இதன் அடிப்படை எளிது. எங்கே நின்று எடுப்பது, எந்த உயரத்தில் பிடிப்பது, எவ்வளவு ஜூம், எது உள்ளே எது வெளியே, இந்த முடிவு எல்லாவற்றையும் யாரையும் கேட்பதற்கு முன்னாலேயே நீங்கள் எடுத்து முடித்துவிடுகிறீர்கள். வருகிறவருக்கு மிச்சம் இருப்பது பட்டனை அழுத்துவது மட்டும்.

ஒரு கலங்கரை விளக்கத்தை வைத்துப் பார்ப்போம். உயரம் 40 மீட்டர், நீங்கள் நின்று எடுக்கிற இடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கிறது, தரை சமதளம். போனின் சாதாரண கேமராவை, அதாவது 1x-ஐ, நெட்டுவாக்கில் பிடித்தால், எவ்வளவு தூரத்தைப் பார்க்கிறதோ அதைப்போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேலான உயரம் படத்துக்குள் அடங்கும். மூன்று மீட்டர் தள்ளி ஒருவர் நின்றால், அந்த இடத்தில் சுமார் 4 மீட்டர் உயரம் அடங்கும், 1.65 மீட்டர் உயரமுள்ளவர் படத்தின் உயரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் வருவார். அளவு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 மீட்டரில் அதே கேமரா 130 மீட்டருக்கு மேல் பார்க்கும், 40 மீட்டர் கலங்கரை விளக்கம் அதில் 30 சதவீதம்தான். நேரில் அண்ணாந்து பார்த்தது படத்தில் உங்கள் தோளுக்குப் பின்னால் நட்டு வைத்த கம்பம் மாதிரி இருப்பது இதனால்தான்.

இதற்கு வழி, எடுப்பவர் பின்னால் போய் ஜூம் செய்வது. 2x வைத்து, மூன்று மீட்டருக்குப் பதில் ஆறு மீட்டர். நீங்கள் அதே 40 சதவீதம்தான் வருவீர்கள், தூரமும் ஜூமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். விளக்கம் மட்டும் 30-லிருந்து 60 சதவீதத்துக்கு ஏறிவிடும். (எடுக்கும் இடத்தை நகர்த்தாமல் நீங்கள் முன்னால் நகர்ந்தாலும் சரி, கணக்கு அதுவேதான்.) ஆறு மீட்டர் என்பது சாதாரண நடையில் ஏழெட்டுத் தப்படி. தெரியாத ஒருவரிடம் "ஏழெட்டுத் தப்படி பின்னால் போய் ஜூம் பண்ணுங்கள்" என்று சொன்னால் அவர் இரண்டு தப்படி போய் நின்றுவிடுவார், அதோடு உங்கள் போனோடு அவர் பின்னால் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் சங்கடம். நீங்களே அந்த இடத்தில் நின்றுகொண்டு, அங்கே வைத்துப் போனைக் கொடுத்துவிட்டு, நீங்கள் நடந்து போய் நின்றுகொள்வதுதான் முறை. போன் இருக்கிற இடம் அசையக் கூடாது, அசைய வேண்டியவர் நீங்கள்.

ஆனால் 2x-ல் ஒரு சிக்கல் முளைக்கும். போனை மார்பு உயரத்தில், சாய்க்காமல் நேராகப் பிடித்தால் படத்தின் மேல் பாதியில் விளக்கத்தின் இடத்தில் 33 மீட்டர் சொச்சம்தான் அடங்கும். உச்சியில் ஐந்தாறு மீட்டர் வெட்டுப்படும், விளக்கு இருக்கிற பகுதியே போய்விடும். அதே சமயம் கீழே உங்கள் காலுக்கு அடியில் வெறும் தரை முக்கால் மீட்டர் அளவுக்கு வீணாகக் கிடக்கும். போனை ஒரு துளி மேலே சாய்த்து, உங்கள் கால் கிட்டத்தட்ட அடி ஓரத்தைத் தொடுகிற மாதிரி வைத்தால், உச்சியில் பத்து மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது, விளக்கம் முழுசாக உள்ளே வந்து கொஞ்சம் வானமும் மிஞ்சுகிறது. சாய்க்கிறது சின்ன அளவுதான், கட்டடம் பின்பக்கம் விழுகிற மாதிரி தெரியாது. காலை ஓரத்துக்கு இறக்கச் சொன்னது இதற்குத்தான்.

மாதிரிப் படத்தில் நீங்கள் இல்லையே, யாரை வைத்து எடுப்பது என்றால், பையை வைத்துத்தான். நிற்கப் போகிற இடத்தில் முதுகுப் பையைத் தரையில் வைத்துவிட்டு, ஆறு மீட்டர் பின்னால் வந்து, பை படத்தின் அடி ஓரத்தில் இருக்கிற மாதிரி, விளக்கத்தின் உச்சி மேலே தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள். கேமராவில் ஒன்பது கட்டமாகக் கோடு காட்டும் வசதியை முன்பே போட்டு வைத்திருந்தால், பையை இடது கோட்டிலும் விளக்கத்தை வலது கோட்டிலும் நிறுத்திப் பார்க்கலாம், இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக மறையாமல் இருக்கும். அப்புறம் அந்தப் பக்கம் வருகிறவரிடம் மாதிரியைக் காட்டி, "இதே மாதிரி, பை இருக்கிற இடத்துல நான் நிப்பேன், நீங்க இங்கேயே நின்னு அஞ்சாறு தடவை அழுத்திடுங்க" என்றால் போதும். மொழி தெரியாவிட்டால் திரையில் பையைத் தொட்டு, அடுத்து உங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டுங்கள், சொல்லே வேண்டாம், புரிந்துவிடும். பை உங்களுக்கும் உதவும், போய் நிற்கிற இடம் பிசகாது. நின்றதும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ளலாம், படத்தில் பயணம் மாதிரியே இருக்கும். அதைத் தூரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுப் படத்துக்கு நிற்க வேண்டாம், கூட்டத்தில் அது தேவையில்லாத வேலை.

கொடுப்பதற்கு முன்னால் போனில் செய்து வைக்க வேண்டியவை சில. லென்ஸைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள், பாக்கெட்டில் கிடந்து விரல் பிசுக்கு ஏறிய லென்ஸ் வெயிலில் மொத்தப் படத்தையும் பால் ஊற்றிய மாதிரி வெளுக்க வைக்கும். பின்புறத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை வேண்டாம், இவ்வளவு தூரம் வந்தது பின்புறத்துக்காகத்தானே. 0.5x-ம் வேண்டாம், ஓரத்தில் நிற்பவரை அகலமாக இழுத்துவிடும், பின்னால் உள்ளதை இன்னும் சிறிதாக்கும். முக்கியமாக டைமர் அணைந்திருக்கட்டும். கை ஆடாமல் இருக்கும் என்று மூன்று வினாடி டைமரைப் போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் அழுத்துகிறார், ஒன்றும் நடக்காத மாதிரி தெரிகிறது, மறுபடி அழுத்துகிறார், பல போன்களில் அந்த இரண்டாவது அழுத்தம் டைமரை ரத்து செய்துவிடும். இப்படியே மாறி மாறி அழுத்திவிட்டு "எடுத்துட்டேன்" என்று திருப்பிக் கொடுப்பார், உள்ளே பார்த்தால் ஒன்றும் இருக்காது.

வெளிச்சத்தைப் பூட்டி வைப்பது பற்றி இரண்டு கருத்து உண்டு. ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும், மற்ற பல போன்களிலும் இதுபோல் பூட்டுக் குறி ஒன்று தோன்றும். பையின் மேல் அழுத்திப் பூட்டினால் அந்தத் தூரத்துக்கு ஃபோகஸும் வெளிச்சமும் நிலைத்துவிடும், எடுப்பவர் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிறவர் பழக்கத்தில் திரையில் உங்கள் முகத்தைத் தட்டுவார், பூட்டு கழன்றுவிடும். அதில் பெரிய நஷ்டமும் இல்லை, முகத்தைத் தட்டினால் வெளிச்சம் முகத்துக்கு ஏற்றபடி அமையும். அதனால் சூரியன் உங்களுக்குப் பின்னால் இருந்தால் மட்டும் பூட்டுங்கள், அதுவும் முகம் அளவுக்கு இருட்டான ஒன்றின் மேல். மற்ற நேரத்தில் விட்டுவிடலாம். சூரியனைப் பக்கவாட்டில் வைத்து நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்த யோசனையே தேவைப்படாது.

வீடியோ வழி மாதிரிப் படத்துக்குப் போட்டி இல்லை, அதன் மேல் ஏற்றிக்கொள்ளக்கூடியது. பதிவை நீங்களே ஓடவிட்டு, "அப்படியே பிடிச்சிருங்க, போதும்" என்று கொடுத்துவிட்டு, நடந்து போய், திரும்பி, சிரித்து, கூந்தலைச் சரிசெய்து, திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம். எடுப்பவருக்கு எப்போது அழுத்துவது என்ற பதற்றம் இல்லை, உங்களுக்கும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கிற முகம் இல்லை. 4K-யில் எடுத்தால் ஒவ்வொரு பிரேமும் சுமார் 8 மெகாபிக்சல், அதிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தால் போன் திரைக்கும் சின்ன அச்சுக்கும் தாராளம். நல்ல வெயிலில் மட்டும் இது பலிக்கும். மாலை மங்கிவிட்டால் ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா அதிக நேரம் திறந்திருக்கும், நடக்கிற கால், அசைகிற கை எல்லாம் இழுபட்டுத் தெரியும். வெயிலிலும் நிறமும் வானத்தின் விவரமும் படத்தில் வருகிற அளவுக்கு வராது. நடப்பது, திரும்புவது போன்ற படம் வேண்டுமென்றால் வீடியோ, நின்று எடுப்பதற்குப் படம், இப்படி வைத்துக்கொள்ளலாம்.

யாரைக் கேட்பது என்பதும் வழியைப் பொறுத்து மாறும். மாதிரிப் படம் கையில் இருந்தால் திறமையானவரைத் தேட வேண்டியதில்லை, அவசரமில்லாதவர் போதும். குழந்தையைக் கையில் பிடித்திருப்பவர், தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், குழுவை விட்டுப் பின்தங்கி ஓடுகிறவர், இவர்களை விட்டுவிடுங்கள். என் கண் முதலில் போவது, ஒருவர் மாற்றி ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருக்கும் ஜோடியிடம். "நான் உங்க ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்கட்டுமா, அப்புறம் எனக்கு ஒண்ணு எடுத்துத் தருவீங்களா?" என்றால் மகிழ்ச்சியாகவே ஒப்புக்கொள்வார்கள். அவர்களை எடுக்கும்போது உங்களுக்கு வேண்டிய அதே இடத்தில், அதே தூரத்தில், அதே கால்-அடி-ஓரம் வைத்து எடுங்கள். தங்கள் படத்தைப் பார்த்ததும் அதுவே அவர்களுக்கு மாதிரியாகிவிடும். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் இரண்டாம் முறை "இன்னொண்ணு எடுங்க" என்று கேட்கும் உரிமையும் கூடவே வரும்.

போனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் என்ற பயத்துக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்துப் போய்க் கேட்கிறவர் வேறு, தானாக வந்து "எடுத்துத் தரட்டுமா" என்கிறவர் வேறு. பின்னவரில் நல்லவர்களே அதிகம், ஆனால் எடுத்த பிறகு காசு கேட்கிறவர்களும் அதில்தான் இருக்கிறார்கள். பையோடும் வீட்டாரோடும் நிற்பவர், வயதானவர், கையில் தன் போனையே வைத்திருப்பவர் ஆகியோரைக் கேட்டால் கவலை குறைவு. போனில் உள்ளதைப் பற்றிக் கவலை என்றால், திரை பூட்டியபடியே கேமராவைத் திறந்து கொடுங்கள், பெரும்பாலான போன்களில் அப்படித் திறந்தால் அப்போது எடுத்த படங்களைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், மாதிரிப் படத்தையும் அதே திறப்பில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் காட்டும்போது பூட்டைத் திறக்க வேண்டிவரும்.

படம் வந்ததும் வாங்கிப் பார்ப்பது மரியாதைக் குறைவில்லை. "நன்றி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பெரிதாக்கி மூன்றை மட்டும் பாருங்கள்: கால் முழுசாக இருக்கிறதா, உச்சி உள்ளே இருக்கிறதா, கண் திறந்திருக்கிறதா. கொஞ்சம் சாய்ந்திருப்பது, ஒரு பக்கம் யாரோ நடந்து போவது, இதெல்லாம் பின்னால் சரிசெய்யக்கூடியவை. சாய்வை நிமிர்த்தும்போது ஓரங்கள் கொஞ்சம் போகும், அதனால் மாதிரிப் படத்தையே வேண்டியதைவிடச் சற்றுத் தளர்வாக எடுத்து வைப்பது நல்லது. 12 மெகாபிக்சல் படத்தில் அகலத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டி எறிந்தால்கூட 3 மெகாபிக்சல் மிஞ்சும், போன் திரை நிறைய அது போதும். வெட்டுப்பட்ட காலைத்தான் எந்தச் செயலியாலும் ஒழுங்காக ஒட்ட முடியாது.

கால் வெட்டுப்பட்டிருந்தால் எடுத்தவரிடம் மறுபடி விளக்க ஆரம்பிக்காதீர்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று போனைக் கொடுத்துவிட்டு, நீங்கள் போய் முன்பைவிட இரண்டு தப்படி தள்ளி, கலங்கரை விளக்கத்தின் பக்கமாக நில்லுங்கள். அவர் அதே மாதிரிதான் பிடிப்பார், ஆனால் நீங்கள் சிறிதாகிவிட்டதால் கால் உள்ளே வந்துவிடும். அதிலும் சரியாக வரவில்லையென்றால் சிரித்த முகத்தோடு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு அடுத்தவரைக் கேளுங்கள், மாதிரிப் படம் அப்படியே போனில்தான் இருக்கிறது.